கணக்கு எண் ஒன்று, பெயர் வேறு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: “ஏந்தம்பி, பணம் அனுப்புறப்ப பேரும் போடுறோம், அக்கவுன்ட் நம்பரும் போடுறோம். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா பேங்க்ல நிப்பாட்டிருவாங்கள்ல?”

நிப்பாட்ட மாட்டார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. அவரைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் அன்றைக்குப் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. நெஃப்ட் போன்ற மின்னணு வழிகளில் வரும் பணத்தை, கணக்கு எண்ணை மட்டும் நம்பி வரவு வைக்கலாம் என்றது அது. பெறுபவர் பெயரைக் கட்டாயம் எழுதத்தான் வேண்டும். தகவலோடு சேர்ந்து அதுவும் போகும். ஆனால் வரவு வைக்கும் இடத்தில் அதைப் பார்க்க வேண்டியதில்லை. சரியான எண்ணைக் கொடுப்பது அனுப்புகிறவர் பொறுப்பு. இதற்கு ரிசர்வ் வங்கி சொன்ன காரணம், இந்தியாவில் ஒரே பெயரைப் பலவிதமாக எழுதுகிறார்கள், ஒவ்வொன்றையும் ஆள் வைத்து ஒப்பிட்டால் வேலை நகராது என்பது.

நம் பக்கத்துப் பெயர்களைப் பார்த்தால் அது நியாயமாகவே படுகிறது. உசிலம்பட்டிப் பக்கம் முருகேசன் என்று ஒருவர், அப்பா பெயர் கருப்பையா என்று வைத்துக்கொள்வோம். பழைய பாஸ்புக்கில் அவர் K MURUGESAN. வேறொரு வங்கியில் MURUGESAN K. பான் அட்டைக்காக இனிஷியலை விரித்து எழுதியதில் KARUPPAIAH MURUGESAN. இன்னோர் இடத்தில் எழுத்து மாறி MURUGESHAN. நான்கும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு நான்கும் நான்கு பெயர். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் பணம் போகும் என்று வைத்திருந்தால், தமிழ்நாட்டில் பாதிப் பணம் திரும்பி வந்துகொண்டே இருந்திருக்கும்.

யுபிஐயிலும் ஐஎம்பிஎஸ்ஸிலும் அனுப்பும் முன்பே பெயரைப் பார்க்கும் வசதி ஏற்கெனவே உண்டு. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டில்தான் இல்லாமல் இருந்தது. 2024 டிசம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி அதற்கும் உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் கொடுத்துவிட வேண்டும் என்று கெடு வைத்தது. கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் நீங்கள் போட்டதும், அந்த வங்கியின் பதிவேட்டில் அந்தக் கணக்குக்கு என்ன பெயர் இருக்கிறதோ அது திரையில் வரும்.

வருவது பெயர் மட்டும்தான். சரி, தப்பு என்று தீர்ப்பு வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ நாடுகளில் 2025 அக்டோபரிலிருந்து, நீங்கள் எழுதிய பெயரை வங்கியே ஒப்பிட்டு ‘ஒத்துப்போகிறது’, ‘ஏறக்குறைய ஒத்துப்போகிறது’, ‘ஒத்துப்போகவில்லை’ என்று சொல்லியாக வேண்டும். இங்கே அந்த வேலை உங்கள் கண்ணுக்கு.

கமிஷன் கடை அண்ணன் முருகேசனுக்கு 48,000 ரூபாய் அனுப்புகிறார் என்று வையுங்கள். துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்த எண்ணில் 1 இருக்க வேண்டிய இடத்தை 7 என்று படித்துவிட்டார். எண்ணை இரண்டு முறை போடச் சொல்கிறது வங்கி. தப்பாகப் படித்தவர் இரண்டு முறையும் தப்பாகத்தானே போடுவார்? அதற்குப் பிறகு தடுப்பதற்கு இருப்பது திரையில் வரும் பெயர் ஒன்றுதான்.

அங்கே MURUGESAN KARUPPAIAH என்று வந்தால் அனுப்பலாம். இனிஷியல் முன்னும் பின்னும் மாறுவது, அப்பா பெயர் விரிவது, th போய் d வருவது எல்லாம் நம் ஊரில் சகஜம். SELVARAJ P என்று வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். பாண்டியம்மாள் என்று ஒரு பெயர் வந்தால்? அது அவர் மனைவியாக இருக்கலாம். பூக்காசை வீட்டம்மா கணக்கில் வாங்குகிறவர்கள் உண்டு. ஊகித்துக்கொண்டு அனுப்பாமல் முருகேசனுக்கே போன் போட்டு, “யார் பேருல இருக்கு அக்கவுன்ட்டு?” என்று கேட்க வேண்டும். கணக்கு எண் வந்த மெசேஜில் உள்ள நம்பருக்குக் கூப்பிடாமல், உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற நம்பருக்குக் கூப்பிடுங்கள். திரையில் வந்த பெயரை நீங்களாகச் சொல்லாதீர்கள், அவர் வாயால் வரட்டும்.

க்யூஆர் ஸ்கேனில் வேறொரு சிக்கல் இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது இப்படி ஒரு வரி:

```
upi://pay?pa=abc123@bank&pn=Malligai%20Stores
```

pa என்பது பணம் போய்ச் சேரும் முகவரி. pn என்பது பெயர். அந்தப் பெயரை க்யூஆர் தயாரிப்பவர் தன் இஷ்டத்துக்கு எழுதலாம். கடை ஒட்டுத்தாளின் மேல் வேறொரு தாளை ஒட்டிய திருடன் அதே கடைப் பெயரை pn-இல் எழுதிவிட்டால், அதை அப்படியே காட்டும் ஆப்பில் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமான என்பிசிஐ, 2025 ஏப்ரலில் எல்லா ஆப்களுக்கும் ஓர் உத்தரவு போட்டு, ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தது. பணம் அனுப்பும் முன் காட்டும் பக்கத்தில் வங்கியிலிருந்து வரும் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். க்யூஆரில் எழுதியதும் கூடாது, நீங்கள் போனில் ‘சித்தப்பா’ என்று பதிந்து வைத்ததும் கூடாது. கடைக்குப் பலகையில் ஒரு பெயரும், வங்கியில் முதலாளி பெயரும் இருக்கலாம் என்பதால், முதல் தடவை கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் மீறிப் பணம் போய்விட்டால் என்ன ஆகும்? அப்படி ஒரு கணக்கே இல்லை என்றால் பயமில்லை, நெஃப்டில் வரவு வைக்க முடியாத பணம் திரும்பிவிடும். அந்த எண்ணில் நிஜமாகவே ஒருவர் கணக்கு இருந்தால்தான் தலைவலி. உங்கள் வங்கி அந்த வங்கிக்கு எழுதும், அவர்கள் தங்கள் வாடிக்கையாளரிடம் கேட்பார்கள். அவர் சம்மதித்தால் திரும்பும். சம்மதிக்காவிட்டால், பொதுவாக வங்கி தானாக அவர் கணக்கில் கை வைக்காது. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அதற்காக நீங்கள் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். ஆகவே தப்பு தெரிந்த அன்றைக்கே, பரிவர்த்தனை எண்ணோடு உங்கள் வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஏமாற்றப்பட்டு அனுப்பியிருந்தால் வழி வேறு. உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் அதை முடக்கி வைக்க முடிகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்த எண். இந்த இடத்தில் பெயர் பார்ப்பதற்கு ஓர் எல்லை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். திரையில் வரும் பெயர், கணக்கு யாருடையது என்று மட்டும் சொல்லும்; அவர் யோக்கியரா என்று சொல்லாது. வாடகைக்கு வாங்கிய கணக்கின் பெயரை மோசடிக்காரன் முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருந்தால், பெயர் அச்சாகப் பொருந்தும். கம்பெனி பெயரில் பேசிவிட்டு, தனி ஆள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, “அது எங்க அக்கவுன்டன்ட் கணக்கு சார்” என்று ஒருவர் விளக்கம் சொன்னால் அனுப்பாதீர்கள்.

சில சமயம் பெயரே வராது. அப்போதும் அனுப்பலாமா வேண்டாமா என்பதை ரிசர்வ் வங்கி உங்கள் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து நல்ல வழி, முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று அவரிடமே கேட்டுவிட்டு மீதியை அனுப்புவது. ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்கள் மேலூர், திருமங்கலம் என்று எந்த ஊர்க் கிளைக்குப் போய் நெஃப்ட் படிவம் நிரப்பினாலும், பணம் கட்டும் முன் பெயரைப் பார்த்துச் சொல்லும்படி கவுண்டரில் கேட்கலாம். கிளையிலும் அந்த வசதி உண்டு, அதற்குக் கட்டணம் கிடையாது.