கேலரியில் நேர், பிடிஎஃப்பில் படுக்கை

பழைய கிரயப் பத்திரம், 18 பக்கம். மேசையில் வைத்துப் போனில் படம் பிடித்தாயிற்று. கேலரியில் பார்த்தால் 5, 11 ஆகிய இரண்டு மட்டும் படுத்திருக்கின்றன, மற்றவை நேராக நிற்கின்றன. ஒரே பிடிஎஃப்பாக்கித் திறந்தால் பதினெட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. இதில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு கோளாறுகள்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும், பல போன்கள் படத்தைப் படுக்கையாகவே சேமிக்கின்றன. 'காட்டும்போது இப்படித் திருப்பு' என்று கோப்புக்குள் ஒரு சிறு எண்ணை எழுதிவைக்கின்றன. 6 என்றால் வலப்பக்கம் கால் சுற்று, 3 என்றால் அரைச் சுற்று, 1 என்றால் திருப்பவே வேண்டாம். கேலரி அந்த எண்ணைப் படித்துத் திருப்பிக் காட்டும். பிடிஎஃப் ஆக்கும் சில செயலிகள் அதைப் படிப்பதே இல்லை. பதினெட்டும் சாய்ந்ததற்குக் காரணம் இதுதான்.

5, 11-இன் சிக்கல் வேறு. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வைத்துத்தான் போன் தன் மேல், கீழை அறிகிறது. மேசைக்கு மேலே மட்டமாகப் பிடித்தால் ஈர்ப்பு திரைக்கு நேர் பின்னால் போய்விடுகிறது. கை லேசாகச் சாய்ந்தாலே போன் தவறாக முடிவெடுத்து 6-க்குப் பதில் 1 என்று எழுதிவிடும். கேமரா திரையின் ஓரத்துச் சின்னங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார்த்தால் இது அப்போதே தெரிந்துவிடும். போனைச் சற்று நிமிர்த்தி, சின்னங்கள் நேரானதும் மறுபடி மட்டமாக்கி எடுங்கள்.

சரிசெய்வதில் வரிசை முக்கியம். தவறான எண்ணை எந்த மென்பொருளும் எண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாது. ஆகவே முதலில் கேலரியில் 5, 11-ஐக் கையால் திருப்பிச் சேமியுங்கள். பிறகு படங்களைக் கணினியில் தனி அடைவில் நகலெடுத்து, அங்கே இந்த இரண்டு கட்டளைகள்:

```
jhead -autorot *.jpg
img2pdf --pagesize A4 *.jpg -o pathiram.pdf
```

முதலாவது, எண் சொன்னபடி படத்தையே திருப்பிவிட்டு எண்ணை 1 ஆக்குகிறது. அதற்கு jpegtran என்ற துணை நிரலும் கணினியில் இருக்க வேண்டும். இரண்டாவது, தரம் குறையாமல் படங்களைப் பெயர் வரிசையில் கோக்கிறது. போன் கோப்புப் பெயரில் தேதியும் நேரமும் இருந்தால் எடுத்த வரிசையே பக்க வரிசை. 7-ஆம் பக்கம் மங்கலாகி, கடைசியில் மறுபடி எடுத்திருந்தால் அது 18-க்குப் பின்னால் போய் நிற்கும். மங்கலான படத்தை அழித்துவிட்டு, அதன் பெயரையே புதியதற்கு வையுங்கள்.

தரம் குறையாததால் அளவும் குறையாது. படம் ஒன்று 4 எம்பி என்றால் பிடிஎஃப் 72 எம்பி வரும். பெரும்பாலான மின்னஞ்சல்களில் அது போகாது. அப்போது இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே இதைச் சேர்க்கலாம்:

```
mogrify -resize 2340x2340 *.jpg
```

ஏ4 தாளில் அங்குலத்துக்கு 200 புள்ளி கிடைக்கும், முத்திரை எழுத்தும் படிக்கத் தெரியும். இது பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும் என்பதால் நகல் அடைவில் மட்டும் செய்யுங்கள்.