டிவிக்குள் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமா?

சங்கரன்கோவிலில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு கடை. சுவரில் 32 அங்குல டிவிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒரே பாட்டு, ஒரே தெளிவு. சாதா டிவியின் விலை 8,500 ரூபாய். ஸ்மார்ட் டிவி 12,500.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான தெரியுது அண்ணாச்சி. பிறகு எதுக்கு நாலாயிரம் கூட?" என்று கேட்கிறார் வாங்க வந்த பெண்மணி. பக்கத்துக் கிராமத்துக்காரர். காசு கொடுத்து டிவி வாங்குவது அவருக்கு இதுதான் முதல்முறை. 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு வீடுதோறும் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிதான் இத்தனை வருடம் வீட்டில் ஓடியது. இப்போது அதில் படம் வருவதில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்பி, "ஸ்மார்ட் டிவியே வாங்கிரும்மா, 43 இஞ்ச்" என்று சொல்லியிருக்கிறான்.

கடைக்காரர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "வீட்ல நெட் இருக்காக்கா?" என்று கேட்டார். நான் பார்த்தவரை பல கடைகளில் இந்தக் கேள்வி வருவதே இல்லை. எடுத்த எடுப்பில் எத்தனை அங்குலம், தவணை வேண்டுமா என்றுதான் பேச்சு போகும்.

"நெட்டெல்லாம் இல்ல. மகன் வந்தா அவன் போன்ல பாப்பான். அத்தைக்கு கேபிள்ல நாடகம் ஓடணும். அம்புட்டுத்தான்."

"அப்போ இங்கன வாங்க, பின்னால காட்டுதேன்" என்று இரண்டு டிவிகளையும் லேசாகத் திருப்பினார். ஏறக்குறைய ஒரே துளைகள். செட்டாப் பாக்ஸின் ஒயர் செருகும் ஹெச்டிஎம்ஐ, பென் டிரைவ் செருகும் யுஎஸ்பி, பழைய மூன்று நிற ஒயருக்கான இடம். ஸ்மார்ட் டிவியில் கூடுதலாக நெட் கேபிள் செருகும் ஒரு துளை. "படம் காட்டுத பேனல் ரெண்டுலயும் ஒரே தரந்தான். அதனாலதான் உங்க கண்ணுக்கு ஒண்ணுபோலத் தெரியுது. இதுக்குள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் உக்காந்திருக்கு. வைஃபை பிடிக்கும், யூடியூப் ஓட்டும். நாலாயிரம் அதுக்குத்தான்."

விலை வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இதிலிருந்து கிளம்பும் ஒரு விஷயத்தை வாங்குகிறவர்கள் கவனிப்பதில்லை. பேனலுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆயுள் ஒன்றல்ல. நல்ல பேனல் எட்டு, பத்து வருடம்கூட உழைக்கும். கம்ப்யூட்டரோ நான்கைந்து வருடத்திலேயே திணற ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் செயலிகளின் எடை கூடிக்கொண்டே போகிறது. டிவிக்குள் இருக்கும் சிப்பும் நினைவகமும் வாங்கிய அன்று இருந்த அளவிலேயே நிற்கின்றன. ஒரு கட்டத்தில் செயலி நிறுவனமே கைவிரித்துவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற 2010, 2011-ம் ஆண்டு சாம்சங் ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றில் 2019 டிசம்பரோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. அந்த டிவிகளின் திரையில் ஒரு குறையும் இல்லை.

நம் ஊரில் விலை குறைந்த 32 அங்குல ஸ்மார்ட் டிவிகள் பெரும்பாலும் 1 ஜிபி ராம், 8 ஜிபி சேமிப்பு இடத்தோடு வருகின்றன. அந்த எட்டில் பெரும்பகுதியை டிவியின் மென்பொருளே பிடித்துக்கொள்ளும். மிச்சம் எவ்வளவு என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். கடைக்காரர் ரிமோட்டை வாங்கி Settings, அதற்குள் System, அதற்குள் Storage என்று போய்க் காட்டினார். நான்கு ஜிபிகூட மிச்சம் இல்லை. "ஆறேழு ஆப் போட்டா நெறஞ்சிரும். பிறகு ரிமோட்ட அமுக்குனா ரெண்டு மூணு செகண்ட் கழிச்சுத்தான் அசையும். ரிமோட் கெட்டுப்போச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க. உள்ள கெடக்கத அழிச்சுவிட்டா சரியாயிரும்." 1.5 அல்லது 2 ஜிபி ராம் உள்ளதை வாங்குவதுதான் நல்லது என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அதே அலமாரியில் இன்னொரு ஸ்மார்ட் டிவி இருந்தது. விலை 9,500தான். அம்மாவின் கண் அதன்மேல் போனதும் கடைக்காரர் யூடியூபைத் திறந்து காட்டினார். போனில் தெரிவதுபோலவே நெட்டுக்குத்து அமைப்பில் வந்தது. ரிமோட்டை அமுக்கினால் திரையில் ஒரு அம்புக்குறி நகர்ந்தது. கூகுளின் சான்று பெறாத ஆண்ட்ராய்டு மென்பொருள் போட்ட டிவி என்பதற்கு இது நல்ல அடையாளம். இத்தகைய டிவிகளில் கட்டண ஓடிடி செயலிகள் பல திறக்காது, திறந்தாலும் மங்கலாக ஓடும், புதுப்பிப்பும் ஒழுங்காக வராது. சான்று பெற்றதில் டிவி கிளம்பும்போதே Google TV அல்லது Android TV என்ற எழுத்து திரையில் வரும். சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் போன்றவை அந்தந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருள்கள். அவற்றுக்கு இந்தச் சந்தேகம் தேவையில்லை.

"நெட் இல்லன்னா என்ன, அவன் போன்ல இருந்து குடுத்துக்கிடுவான்லா?" என்றார் அம்மா.

"எவ்ளோ டேட்டா போட்டிருக்கான்?"

"ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபின்னு சொல்லுவான்."

கடைக்காரர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நல்ல தெளிவில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் மூன்று ஜிபி வரை போகலாம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏழரை ஜிபி. இரண்டு ஜிபி என்பது இடைவேளைக்கு முன்பே, முக்கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அதன்பிறகு வேகம் குறைந்து, திரையில் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். தெளிவைக் குறைத்துப் பார்த்தால் மணிக்கு ஒரு ஜிபிக்குள் அடங்கும், 32 அங்குலத்தில் பார்க்கவும் முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதை மாற்றிவைக்க ஆள் வேண்டும். வரம்பில்லாத ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் இந்தக் கவலை எழாது. போன் டேட்டாவை மட்டும் நம்பி ஸ்மார்ட் டிவி வாங்கும் வீட்டில், கூடுதலாகக் கொடுத்த நாலாயிரம் வருடத்தின் பெரும்பாலான நாட்கள் சும்மா கிடக்கும்.

"எங்க தெருவுக்கு ஃபைபர் இழுக்கப் போறதா கேபிள்காரர் சொல்லுதாரு. அப்போ என்ன செய்ய?"

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஸ்டிக்கை எடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும். விலை நாலாயிரம். "சாதா டிவியோட ஹெச்டிஎம்ஐல இதச் செருகிட்டா அதுவும் ஸ்மார்ட் டிவிதான். நெட் வந்த பெறகு வாங்கிக்கிடுங்க. நாலு வருசத்துல இது மெதுவாயிட்டா இத மட்டும் மாத்துனா போதும்."

8,500-உம் 4,000-உம் சேர்ந்தால் அதே 12,500. பணத்தில் வித்தியாசம் இல்லைதான். நெட் வரும்வரை நாலாயிரம் கையில் இருக்கும் என்பது ஒரு வசதி. பழசாகும் பகுதி டிவிக்கு வெளியே இருப்பது அதைவிடப் பெரிய வசதி. குறைகளும் உண்டு. ரிமோட் ஒன்று கூடும். ஸ்டிக்குக்குத் தனியாக மின்சாரம் வேண்டும். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று செருகுகிறவர்கள் நிறைய. அந்த மின்சாரம் போதாவிட்டால் ஸ்டிக் நடுவில் அணைந்து அணைந்து எரியும். பெட்டியில் தந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போட்டால் சரியாகிவிடும். செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்டிக்குக்கு ஒன்று என்று டிவியில் இரண்டு ஹெச்டிஎம்ஐ துளைகள் இருக்கிறதா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். மலிவான சில டிவிகளில் ஒன்றுதான் இருக்கிறது. 43 அங்குலம் என்று போனால் சாதா டிவி கிடைப்பதே அரிது. அந்த அளவில் ஸ்மார்ட் வாங்குவதுதான் வழி. அதன் கம்ப்யூட்டர் பழசானாலும் டிவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இதே ஸ்டிக்கை அதிலும் செருகலாம்.

மகன் சொன்ன 43 அங்குலத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய டிவி மேல் இப்போது ஆசை கூடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த வீட்டிலோ ஓடப்போவது கேபிள். பாக்ஸ் பழைய எஸ்.டி. வகை, மூன்று நிற ஒயரில் இணைத்தது. அதிலிருந்து வரும் படத்தில் 576 வரிகள்தான் இருக்கும். சாதாரண 32 அங்குல டிவிக்கே 768 வரிசைப் புள்ளிகள் உண்டு. 43-ல் 1080 அல்லது 2160. குறைந்த வரிகளை இழுத்து நிரப்பும்போது முகங்கள் கலங்கித் தெரியும், ஆட்கள் பக்கவாட்டில் பருத்துவிடுவார்கள். திரை பெரிதாகப் பெரிதாக இந்தக் குறை கண்ணில் உறுத்தும். "புது டிவி கிளியரா இல்லன்னு வாரவங்க முக்காவாசிப் பேரு வீட்ல பாக்ஸும் ஒயருந்தான் பழசா இருக்கும்" என்றார் கடைக்காரர். 32 அங்குல அட்டைப்பெட்டிகள் சிலவற்றில் 4கே சப்போர்ட் என்று போட்டிருப்பதையும் நம்பி வாங்கக் கூடாது. அந்த வகைப் படத்தை டிவி வாங்கிக்கொள்ளும். காட்டுவதென்னவோ 1366 x 768 அளவில்தான். பெட்டியின் ஓரத்தில் சிறு எழுத்தில் இருக்கும் அந்த எண்தான் உண்மை.

எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்து வந்த கேள்வி. "அத்த தனியா இருக்கும்போது போட்டுக்கிடுவாங்களா?"

நம் வீடுகளில் இரவில் டிவியைச் சுவர் ஸ்விட்சில் அணைப்பது வழக்கம். சாதா டிவி மறுநாள் போட்டதும் சில நொடிகளில் கேபிளுக்கே வந்துவிடும். ஸ்மார்ட் டிவி கம்ப்யூட்டர்போல முதலிலிருந்து கிளம்ப வேண்டும். அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். வந்து நிற்பதும் செயலிகள் வரிசையாக இருக்கும் பக்கத்தில். அங்கிருந்து கேபிளுக்குப் போகத் தெரியாமல் முதியவர்கள் டிவியையே விட்டுவிடுகிறார்கள். எழுபது வயதுக்காரர் பகலெல்லாம் தனியாக இருக்கும் வீட்டில், தெளிவைவிடவும் விலையைவிடவும் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பேன். ஸ்மார்ட் டிவிதான் வாங்குவது என்றாலும் வழி உண்டு. போட்டதும் நேராக ஹெச்டிஎம்ஐக்குப் போகும்படி அமைப்பில் மாற்றிவைக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. நெட் இல்லாத வீட்டில் கூகுள் டிவியை முதல்முறை இயக்கும்போது Set up basic TV என்பதைத் தேர்ந்தெடுத்தால், கூகுள் கணக்கு கேட்காமல் சாதா டிவியாகவே ஓடும். பொருத்த வருகிற பையனிடம் அப்போதே சொல்லிச் செய்துகொள்ள வேண்டும்.

அம்மா கடைக்கு வெளியே போய் மகனிடம் போனில் சற்று நேரம் பேசினார். திரும்பி வந்து 8,500 ரூபாய் டிவியையே கேட்டார், இரண்டு ஹெச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. பில்லில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் எழுதி, பேனலுக்கு எத்தனை வருட வாரண்டி என்பதையும் குறித்துக் கொடுத்தார் கடைக்காரர். பேனல் உடைந்தால் மாற்றும் செலவு ஏறக்குறைய புது டிவியின் விலைக்கே வந்துவிடும். இரண்டு வகைக்கும் அப்படித்தான்.

"மிச்சம் நாலாயிரத்துல கேபிள்காரர்ட்ட ஹெச்டி பாக்ஸ் கேளுங்க" என்றார். "மாசக் கட்டணம் கொஞ்சம் கூடும், அதையும் விசாரிச்சுக்கிடுங்க. ஹெச்டிஎம்ஐ ஒயர்லதான் மாட்டணும்னு சொல்லுங்க. அவரு பழைய மூணு கலர் ஒயரையே போட்டுட்டுப் போயிருவாரு."