ஆட்டம் எல்லோருக்கும், வர்ணனை அவர்களுக்கு

ஒரு கிரிக்கெட் போட்டி முடிந்த சிறிது நேரத்துக்குள் அதன் முக்கியக் கட்டங்களைத் தமிழில் சொல்லும் கட்டுரைகளும் காணொளிகளும் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. நாலைந்தைப் படித்தால் ஒரே மாதிரி இருப்பது தெரியும். அதே அடைமொழி, அதே உவமை, அதே வரிசை. இவற்றை எழுதியவர்கள் ஆட்டத்தைப் பார்த்ததைவிட வர்ணனையைக் கேட்டதுதான் அதிகம். தொலைக்காட்சியின் ஹைலைட்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, வர்ணனையாளர் சொன்னதைத் தமிழாக்கித் தருகிறார்கள். காப்பிரைட் சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

சட்டத்தின் பார்வையில் ஒரு போட்டி இரண்டு அடுக்காக இருக்கிறது. களத்தில் நடந்தது ஓர் அடுக்கு. யார் பந்து வீசினார், பந்து எங்கே போனது, எத்தனை ரன், யார் அவுட் என்பதெல்லாம் உண்மைச் செய்திகள். அவற்றுக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. இரண்டாவது அடுக்கு, அந்த ஆட்டத்தை நம் வீட்டுக்குக் கொண்டுவர ஒளிபரப்பு நிறுவனம் செய்தது: கேமரா கோணங்கள், மறுஒளிபரப்பு, திரையில் ஓடும் வரைபடங்கள், வர்ணனையாளரின் சொற்கள், ஆறேழு மணி நேர ஆட்டத்தைச் சில நிமிடங்களுக்குச் சுருக்கிய வெட்டும் ஒட்டும். இது அவர்களுடைய உழைப்பு, அவர்களுடைய உடைமை.

இந்தப் பிரிவு நீதிமன்றங்களில் பலமுறை உரசிப் பார்க்கப்பட்டது. அமெரிக்காவில் மோட்டோரோலா நிறுவனம் பேஜர் கருவியில் கூடைப்பந்து ஸ்கோர்களை உடனுக்குடன் அனுப்பியபோது, அந்நாட்டின் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. வழக்குத் தொடுத்தது. ஒளிபரப்புக்குத்தான் பதிப்புரிமை உண்டு, ஆட்டத்துக்கும் ஸ்கோருக்கும் இல்லை என்று 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் ஸ்டார் நிறுவனம், கிரிக்கெட் ஸ்கோரைக் குறுஞ்செய்தியாக அனுப்பிய நிறுவனங்களுக்கு எதிராக இதே வாதத்தோடு டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. முதலில் தனி நீதிபதி, 15 நிமிடம் கழித்தே ஸ்கோரை அனுப்பலாம் என்று கட்டுப்பாடு விதித்தார். 2013 ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. பொதுவெளிக்கு வந்துவிட்ட தகவலைப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு வெளியே போய்த் தனியுடைமை ஆக்க முடியாது என்றது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. ஆகவே, ஆட்டம் நடக்கும்போதே பந்துக்குப் பந்து தகவல் தருவதைத் தொழிலாகச் செய்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததைத் தன் சொல்லில் எழுதுபவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது அடுக்கில் கை வைத்தால் கதை வேறு. “எட்டு நொடிதானே” என்று நினைத்த ஒரு செயலியின் கதை இங்கிலாந்தில் நடந்தது. ஃபனாட்டிக்ஸ் என்ற அந்தச் செயலியில் ரசிகர்கள் கிரிக்கெட் ஒளிபரப்பிலிருந்து எட்டு நொடித் துண்டுகளைப் பகிர்ந்தார்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியமும் ஸ்கை தொலைக்காட்சியும் வழக்குப் போட்டன. 2016இல் தீர்ப்பு செயலிக்கு எதிராக வந்தது. நாள் முழுக்க நடக்கும் ஆட்டத்தில் விலைபோவது விக்கெட்டும் சிக்ஸரும் விழுகிற அந்தச் சில நொடிகள்தான். அதை எடுத்தால் சாரத்தையே எடுத்ததாகும். “குறைந்த நொடி எடுத்தால் தப்பில்லை” என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. “நன்றி: இன்ன சேனல்” என்று போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாகிவிடும் என்பதும் அப்படித்தான். பழைய போட்டிதானே என்றும் சொல்ல முடியாது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி ஒளிபரப்பு உரிமை, ஒளிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டுகள். 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் ஒளிபரப்புக்கு அந்த உரிமை 2036 முடிய இருக்கிறது.

தமிழில் எழுதுபவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பும் உரிமையாளரின் உரிமைதான். சட்டத்தின் 14ஆவது பிரிவு அதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆங்கில இணையதளத்தில் பந்துக்குப் பந்து எழுதப்படும் வர்ணனையை வரிக்கு வரி தமிழாக்கினால், சொல் ஒவ்வொன்றும் நம்முடையதாக இருந்தாலும் எடுத்தது அவர்களுடையதே.

சரி, எப்படி எழுதுவது? அந்த 2011 இறுதிப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 2, மும்பை வான்கடே மைதானம். இலங்கை 6 விக்கெட்டுக்கு 274. ஜெயவர்த்தனே ஆட்டமிழக்காமல் 103. இந்தியா 48.2 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 277. தோனி அடித்த சிக்ஸரோடு ஆட்டம் முடிந்தது. அந்த நொடியில் ரவி சாஸ்திரி ஆங்கிலத்தில் சொன்ன வாக்கியம் ரசிகர்களுக்கு மனப்பாடம். அதனாலேயே அந்தச் சிக்ஸரைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும் முதலில் வந்து நிற்பது அந்த வாக்கியத்தின் தமிழாக்கம்தான்.

முதல் வேலை, ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது. காதில் வர்ணனை விழாதபோது கண் தானாக வேலை செய்யத் தொடங்கும். ஒரு தாளில் ஓவர் எண், பந்து வீசியவர், அடித்தவர், பந்து போன திசை, அப்போதைய ஸ்கோர், தேவைப்பட்ட ரன் என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். முழு வாக்கியம் எழுதக் கூடாது, குறிப்பு மட்டும். பிறகு காணொளியை மூடிவிட்டு, குறிப்பை வைத்தே எழுத வேண்டும். எண்களை ஸ்கோர் அட்டையில் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த எண்கள் பொதுச்சொத்து.

கடைசிப் பந்துக்கான குறிப்பு இப்படி இருக்கும்: “48.1 யுவராஜ் 1. தேவை 4, பந்து 11. 48.2 குலசேகரா, தோனி, லாங் ஆன், 6.” இதிலிருந்து எழுதினால் இப்படி வரும்:

“யுவராஜ் ஒரு ரன் ஓடி தோனியை முன்னுக்குக் கொண்டுவந்தார். 11 பந்தில் 4 ரன் வேண்டும், கையில் ஆறு விக்கெட். தட்டித் தட்டி எடுத்தாலே போதும். தோனி அதற்குக் காத்திருக்கவில்லை. குலசேகராவின் அடுத்த பந்தை லாங் ஆனுக்கு மேலே தூக்கிக் கூட்டத்துக்குள் அனுப்பினார். பந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பிறகு மட்டையை ஒரு சுழற்றுச் சுழற்றினார்.”

இதில் வர்ணனையாளரின் சொல் ஒன்றுகூட இல்லை. அன்று வான்கடேயில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்த ஒருவர் தொலைக்காட்சியே பார்க்காமல் இதை எழுதியிருக்க முடியும். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இந்தச் சோதனையை வைக்கலாம். அரங்கில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கக்கூடியதா? ஆமென்றால் அது ஆட்டத்தின் அடுக்கு. திரையில் வந்த வெற்றி வாய்ப்புச் சதவீதம், வர்ணனையாளரின் உவமை, ஓய்வறைக்குள் சேனல் எடுத்த தனிப் பேட்டி போன்றவை இந்தச் சோதனையில் தேறாது. அவை வேண்டுமென்றால், யாருடையது என்று சொல்லி, தேவையான அளவு மட்டும் மேற்கோளாகத் தரலாம். நடப்புச் செய்தியைத் தெரிவிக்கவும் விமர்சிக்கவும் நியாயமான அளவில் எடுத்தாள்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. வர்ணனையைப் பற்றியே எழுதும்போது அதில் ஒரு வரியைக் காட்டுவது அப்படிப்பட்டது. கட்டுரை முழுக்க அந்த வரிகளாலேயே நிரம்புவது அப்படிப்பட்டதல்ல.

சொல் மாறினால் போதாது, வரிசையும் நம்முடையதாக இருக்க வேண்டும். எந்தப் பந்துகளைக் காட்டுவது, எதைத் தொடர்ந்து எது வர வேண்டும் என்பது படத்தொகுப்பாளர் எடுத்த முடிவு. ஹைலைட்ஸ் என்றாலே விக்கெட்டும் பவுண்டரியும்தான். அதே வரிசையில் எழுதினால் கட்டுரை அதன் நிழலாகத்தான் இருக்கும். ஆட்டத்தைத் திருப்பியது எது என்று நாமே ஒரு முடிவுக்கு வந்து, அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இந்த இறுதிப் போட்டியில் அந்த இடம் சிக்ஸர் அல்ல என்பது என் கணிப்பு. மலிங்கா சேவாகையும் சச்சினையும் வெளியேற்றி 31க்கு 2 என்று ஆக்கிவிட்டார். கம்பீரும் கோலியும் மீட்டார்கள். 22ஆவது ஓவரில் தில்ஷான் தன் பந்திலேயே கோலியைப் பிடித்தபோது ஸ்கோர் 114க்கு 3. இன்னும் 161 ரன் வேண்டும். அந்தத் தொடர் முழுக்க நன்றாக ஆடிக்கொண்டிருந்த யுவராஜ் வருவார் என்று எதிர்பார்த்த நேரத்தில் தோனி இறங்கினார். எதிரே இருந்தவை முரளிதரன் உள்ளிட்டோரின் ஆஃப் ஸ்பின் பந்துகள். கம்பீர் இடக்கை, யுவராஜும் இடக்கை, தோனி வலக்கை. முரளிதரனின் பந்துவீச்சோ சென்னை சூப்பர் கிங்ஸ் நாட்களிலிருந்து தோனிக்குப் பழக்கம். அடுத்த 109 ரன்களை கம்பீரும் தோனியும் சேர்த்தார்கள். 97 ரன்னில் கம்பீர் அவுட் ஆனபோது வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. தோனி படியிறங்கி வந்த நடையில் ரன்னும் இல்லை விக்கெட்டும் இல்லை. ஆனால் ஆட்டத்தின் கதையைச் சொல்ல அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அங்கே தொடங்குகிற கட்டுரையை எந்த ஒளிபரப்பின் பிரதி என்றும் யாராலும் சொல்ல முடியாது.

காணொளியாகச் செய்பவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். யூடியூபின் கன்டென்ட் ஐடி முறை படத்தை மட்டுமல்ல, ஒலியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. திரையில் நாமே வரைந்த ஸ்கோர் பலகை இருந்தாலும், பின்னணியில் ஒளிபரப்பின் வர்ணனை மெல்லக் கேட்டாலே கிளைம் வரலாம். கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிளைம் என்றால் அந்தக் காணொளியின் விளம்பர வருவாய் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது காணொளி முடக்கப்படலாம். ஸ்ட்ரைக் என்பது சட்டப்படி நீக்கச் சொல்லி வரும் கோரிக்கை. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலையே இழக்க நேரலாம். தவறான கிளைம் என்று உறுதியாகத் தெரிந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். உரிமை கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நம்முடைய குரல், நாமே போட்ட களப்படம், நாமே செய்த ஸ்கோர் பலகை, இவை மூன்றும் போதும். நல்ல விவரிப்புக்கு ஒளிபரப்பின் படம் தேவையில்லை.

தமிழில் அதற்கு முன்மாதிரி உண்டு. அப்துல் ஜப்பார் போன்றவர்கள் வானொலியில் படமே இல்லாமல் சொல்லால் மட்டுமே கிரிக்கெட்டைக் காட்டினார்கள். அடுத்த போட்டியைப் பற்றி எழுதப் போகிறவர்கள், முதலில் தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்துங்கள். பார்த்ததை எழுதுங்கள், கேட்டதை எழுதாதீர்கள்.