சரிந்த கடலை நிமிர்த்துவது எப்படி?

கன்னியாகுமரிக் கரையிலிருந்து எடுக்கும் படங்களில் திருவள்ளுவர் சிலை நன்றாகவே வந்திருக்கும். பின்னாலிருக்கும் கடல்தான் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும். இதை நிமிர்த்தும்போது சிலையை வைத்து அளக்கக் கூடாது. கணபதி ஸ்தபதி அதை இடுப்பில் லேசான வளைவோடு வடித்திருக்கிறார். கடலும் வானும் சேரும் கோடுதான் நம் அளவுகோல்.

போட்டோஷாப்பில் முதலில் Background லேயரின் பூட்டைத் திறந்துவிடுங்கள். Crop கருவியில் உள்ள Straighten-ஐ எடுத்து, தொடுவானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இழுங்கள். குட்டையாக இழுத்தால் கோணம் பிசகும்.

6000×4000 பிக்சல் படம் ஒன்றில் தொடுவானத்தின் வலக்கோடி 3 டிகிரி உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். நிமிர்த்தியதும் சட்டம் உள்ளே சுருங்கிக்கொள்ளும். அதே நீள அகல விகிதத்தில் வெட்டினால் படத்தில் ஏறக்குறைய 14 சதவீதம் போய்விடும். அதனால் Content-Aware தேர்வை எடுத்துவிட்டு, சட்டத்தைப் பழைய அளவுக்கே இழுத்து வையுங்கள். மூலைக்கு ஒன்றாக நான்கு மெலிந்த வெற்று முக்கோணங்கள் தெரியும். மேலும் கீழும் இருப்பவை மூலையில் சுமார் 150 பிக்சல் ஆழம். பக்கவாட்டில் இருப்பவை சுமார் 100 பிக்சல்.

2010-இல் வந்த Content-Aware Fill, இதே படத்தின் வேறு இடங்களிலிருந்து துண்டுகளை எடுத்து அந்த வெற்றிடத்தை ஒட்டுப்போடுகிறது. எது அலை, எது ஆள் என்று அதற்குத் தெரியாது. ஆகவே நான்கையும் ஒரே சொடுக்கில் நிரப்பாமல், ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். தேர்வை மூன்று பிக்சல் படத்துக்குள் விரித்தால் ஓரத்தில் கோடு விழாது. பிறகு Edit மெனுவில் Content-Aware Fill. அங்கே பச்சையாகத் தெரிவது, துண்டுகள் எடுக்கப்படும் பகுதி. வலது மேல்மூலைக்கு வானத்தை மட்டும் பச்சையாக விட்டு, சிலையையும் பாறையையும் தூரிகையால் அழித்துவிடுங்கள். Rotation Adaptation-ஐ None-இல் வையுங்கள். இல்லாவிட்டால் திருப்பிய துண்டுகள் வந்து அலைகள் கோணலாகலாம். Output To-வில் New Layer கொடுத்தால் மூலப்படம் அப்படியே இருக்கும். படத்தை Warp-இல் இழுத்தும் மூலையை மூடலாம்தான். ஆனால் சிலையும் சேர்ந்து நெளியும்.

இடது ஓரத்தில்தான் கவனம் வேண்டும். தொடுவானம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருந்தால், அங்குள்ள முக்கோணம் சுமார் 30 பிக்சல் அகலத்தில் அதைக் குறுக்காக வெட்டும். நிரப்பிய பிறகு 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு ஒரு படி இறங்கியிருந்தால், வானத்தைத் தனியாகவும் கடலைத் தனியாகவும் மறுபடி நிரப்புங்கள். ஒரே மேகம் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செய்திப் படத்தில் இந்த நிரப்பலே கூடாது, வெட்டுவதுதான் முறை. வீட்டு ஆல்பத்துக்கான படத்திலும் இடது கீழ்மூலையில் குளிக்கிறவர்கள் நின்றால் நிரப்பாதீர்கள், பாதிக் கையும் இரட்டைத் தலையும் வந்து சேரும். அடியிலிருந்து 160 பிக்சலை வெட்டிவிடுங்கள். உயரத்தில் 4 சதவீதம்தான் குறையும், சிலைக்கு ஒரு சேதமும் இல்லை.