பழைய நினைவு இன்றையதாகத் தோன்றும்போது

அறந்தாங்கிப் பகுதியைச் சேர்ந்த 75 வயது முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இவர் குறிப்பிட்ட எவருமல்லர். இத்தகைய நோயாளரிடம் பொதுவாகக் காணப்படும் இயல்புகளைக் கொண்டு விளக்கத்திற்காக அமைத்த எடுத்துக்காட்டு. மூளையின் முன்புறத்தில் இரத்தக்குழாய் ஒன்று வெடித்து, அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பேச்சில் குழறல் இல்லை. மனைவி மக்களை அடையாளம் காண்கிறார்.

மருத்துவர் அவரிடம், "ஐயா, உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்கிறார். "தஞ்சாவூர் மாவட்டம்" என்று அவர் தயக்கமின்றிச் சொல்கிறார். மாலையில் கட்டிலைவிட்டு இறங்கி, நெல் மூட்டை வண்டி வந்திருக்கும், அரிசி ஆலைக்குப் போக வேண்டும் என்கிறார். அந்த ஆலை வேலையை அவர் விட்டு நாற்பது ஆண்டுகள் ஆயின. மறுநாள் பார்க்க வந்த தம்பியிடம், "இரண்டு நாளாக மருமகள் எனக்குச் சாப்பாடே கொடுக்கவில்லை" என்று குறைப்படுகிறார். அரை மணி நேரத்திற்கு முன்புதான் அந்த மருமகள் அவருக்கு இட்டிலி ஊட்டியிருந்தார்.

தம்பிக்குக் கோபம்; மருமகளுக்குக் கண்ணீர். "அவர் எப்போது பொய் சொல்லக் கற்றுக்கொண்டார்?" என்று மனைவி கலங்குகிறார். இவ்விடத்தில் பல குடும்பங்கள் உடைந்துவிடுகின்றன. ஆகவே, நடப்பது என்ன என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் அவருடைய மாவட்ட விடையைக் கவனிப்போம். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைக்கப்பட்டது 1974 ஜனவரி 14ஆம் நாள். அதற்கு முன் அறந்தாங்கி தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அவருடைய இளமைக் காலத்தில் அந்த விடை முற்றிலும் சரியானது. உண்மையான ஒரு நினைவு, தனக்கு உரிய காலத்தைவிட்டு வந்து இன்றையதாக நிற்கிறது.

நினைவு என்பது பெட்டியில் வைத்த புகைப்படம் போன்றதன்று. ஒரு நிகழ்ச்சியின் காட்சி, ஒலி, இடம், உணர்ச்சி ஆகியவை மூளையின் பல பகுதிகளில் தனித்தனியே தங்குகின்றன. ஹிப்போகேம்பஸ் என்னும் உட்பகுதி அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைக் காக்கிறது. நாம் நினைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அத்துண்டுகள் மீண்டும் கூட்டப்படுகின்றன. அப்போது வேறொரு நிகழ்ச்சியின் துண்டு ஒன்று உள்ளே நுழைந்துவிடலாம். நலமாக உள்ளவர்களுக்கும் இது நேர்கிறது. திருமணத்திற்கு வராத உறவினர் ஒருவரை அங்கே பார்த்ததாக நாம் உறுதியாகச் சொல்வதில்லையா?

ஆயினும் நம்மிடம் ஒரு சோதனைச் சாவடி உண்டு. நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே அமைந்த முன்மூளையின் அடிப்பகுதி, எழுகின்ற நினைவு இப்போதைய நிலைக்கு உரியதா என்று நாம் உணரும் முன்பே பார்த்துவிடுகிறது. உரியதல்லாததை ஒதுக்கிவிடுகிறது. முன்மூளையின் பிற பகுதிகள், இது நடந்திருக்கக் கூடுமா என்று பிறகு ஆராய்கின்றன. மூளையின் அடியில், இருபுற முன் தமனிகளை இணைக்கும் சிறு குழாயில் வீக்கம் உண்டாகி வெடித்தால், இந்தச் சாவடியே பழுதடையலாம். தலைக்காயமும், மதுப்பழக்கத்தோடு தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைவதால் வரும் கோர்சகாஃப் நோயும் இவ்வாறே செய்யக்கூடும். அப்போது எழும் நினைவுகளை மருத்துவம் புனைநினைவு என்கிறது.

சுவிட்சர்லாந்து நரம்பியல் மருத்துவர் ஆர்மின் ஷ்நைடர் இதனை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவர் கண்ட ஒரு பெண், தம் கைக்குழந்தைக்குப் பாலூட்ட வீட்டிற்குச் செல்ல வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தக் 'குழந்தை'க்கு அப்போது முப்பது வயதுக்கு மேல்.

ஷ்நைடர் அமைத்த சோதனை எளியது. படங்களை வரிசையாகக் காட்டி, திரும்ப வருவனவற்றை மட்டும் சுட்டச் சொன்னார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பின் அதே படங்களை வேறு வரிசையில் காட்டினார். முதற்சுற்றைக் கணக்கில் கொள்ளாமல், இந்தச் சுற்றிற்குள் திரும்ப வருவனவற்றை மட்டும் சுட்ட வேண்டும் என்றார். புனைநினைவின்படி செயல்பட்ட நோயாளர்கள், இரண்டாம் சுற்றில் முதன்முறை வந்த படங்களையும் 'இப்போதே பார்த்தேன்' என்றனர். மறதி மட்டுமே உடைய பிறருக்கு அத்தகைய தவறு அவ்வாறு பெருகவில்லை. 'முன்பு பார்த்தது' என்பதும் 'இந்தச் சுற்றில் பார்த்தது' என்பதும் முதல் வகையினருக்கு ஒன்றாகிவிட்டன.

இனி மருமகள் மீதான குற்றச்சாட்டிற்கு வருவோம். இட்டிலி உண்ட நினைவு அவரிடம் பதியவே இல்லை. ஆனால் அறுவைக்கு முன் வெறும் வயிற்றில் வைத்திருந்த பசி ஒரு துண்டாகத் தங்கியிருக்கலாம். அருகில் எப்போதும் மருமகள் இருக்கிறார். இரண்டும் சேர்ந்து ஒரு கதையாயிற்று. அதனைத் தடுக்கச் சாவடி இல்லை. பொய் சொல்பவர் உண்மையை அறிந்தே மறைக்கிறார். இவர் அறிந்து மறைப்பது எதுவுமில்லை. தாம் சொல்வதை நம்பி, அதன்படி எழுந்து நடக்கவும் முற்படுகிறார்.

ஆகவே, "நன்றாக நினைத்துப் பாருங்கள்" என்று வற்புறுத்துவது பயன் தராது. அது புதிய கதையையே வரவழைக்கும். "காலையில் மாத்திரை போட்டீர்களா?" என்ற கேள்விக்கு அவர் சொல்லும் 'ஆம்' என்பதை நம்பலாகாது. மருந்து, உணவு, மலம் கழித்தல் ஆகியவற்றை ஒரு தாளில் நேரத்துடன் உடனிருப்பவரே எழுதி வருதல் வேண்டும். ஆலைக்குப் புறப்படுபவரிடம் வாதாடவும் வேண்டாம். வண்டி வந்துவிட்டது என்று இசைந்து கதையை வளர்க்கவும் வேண்டாம். "ஆலையில் நிறைய உழைத்தீர்கள். இப்போது மருத்துவமனையில் இருக்கிறோம், அறுவை முடிந்து தேறி வருகிறீர்கள்" என்று அமைதியாகச் சொல்லி, கண்ணில் படும் நாட்காட்டியைக் காட்டலாம். அவர் தனியே வெளியேறாதபடி ஒருவர் உடனிருக்க வேண்டும். சொத்து, வங்கி ஆவணங்களில் இந்நிலையில் கையொப்பம் பெறுதல் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவர் சொல்வது அனைத்தும் புனைவு என்று தள்ளிவிடலாகாது. வலிக்கிறது, விழுந்துவிட்டேன் என்றால் உடலைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். சில மணி நேரத்திற்குள் திடீரெனக் குழப்பம் கூடி, கவனம் சிதறி, உறக்க மயக்கமும் தெளிவும் மாறிமாறி வந்தால், அது தொற்று, உப்புச்சத்துக் குறைவு போன்றவற்றால் வரும் சித்தக்கலக்கமாக இருக்கலாம். தலைவலி, வாந்தி மிகுந்தாலும் உடனே செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும்.

புனைநினைவின்படி செயல்படும் நிலை பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் அடங்குகிறது. சிலருக்கு ஓராண்டிற்கு மேலும் நீடிக்கிறது. அது அடங்கிய பின்னும் புதியன நினைவில் நிற்கும் திறன் குறைந்தே இருக்கலாம். எனவே அந்தத் தாள் வீட்டிற்குச் சென்ற பின்னும் தொடரட்டும். மறுமுறை வரும் தம்பி, அண்ணனிடம் கேட்கும் முன் அதனைப் பார்க்கட்டும். காலை 8 மணி, இட்டிலி மூன்று என்று மருமகளின் கையெழுத்தில் அதில் இருக்கும்.