பவுண்டு விழுந்தால் யார் தலையில்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் உள்ள ஒரு கடைத்தொடருக்கு டி-சர்ட் அனுப்பியிருக்கிறது. இன்வாய்ஸ் தொகை 50,000 பவுண்டு, பணம் வந்துசேர வேண்டிய நாள் 2016 ஜூன் 20. அன்று ஒரு பவுண்டு ஏறக்குறைய 98 ரூபாய். பணம் வரவில்லை. அதற்கு மூன்றாம் நாள், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாம் என்று பிரிட்டன் வாக்களித்தது. அடுத்த நாளே பவுண்டு சரிந்தது, அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனது. பையர் பணத்தை அனுப்பியது அக்டோபர் 18-ஆம் தேதி, சரியாக 120 நாள் தாமதமாக. அப்போது பவுண்டு ஏறக்குறைய 82 ரூபாய்.

ஜூனில் வந்திருந்தால் 49 லட்சம். அக்டோபரில் வந்தது 41 லட்சம். நூல் வாங்கிய கடன், சாயப்பட்டறைக்குக் கொடுக்க வேண்டியது, வாரக்கூலி எல்லாம் ரூபாயில்தான். அந்த 8 லட்சத்தை யார் கொடுப்பது?

முதலாளியின் கோபம் நியாயமானது. சட்டம் மட்டும் அவ்வளவு எளிதில் அவர் பக்கம் வந்து நிற்பதில்லை. பையர் சொல்லப்போகும் முதல் பதில் இது: “நான் தர வேண்டியது 50,000 பவுண்டு. தந்துவிட்டேன். உங்கள் ஊரில் அதற்கு எத்தனை ரூபாய் கிடைக்கிறது என்பது என் கவலை இல்லை.” இதைத் திமிர் என்று தள்ளிவிட முடியாது. பவுண்டில் விலை பேசியவர் பவுண்டின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொண்டார் என்பதே சட்டத்தின் தொடக்கப்புள்ளி. தாமதத்துக்குப் பரிகாரம் வட்டி, அவ்வளவுதான் என்று நீதிமன்றங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன.

நம் நாட்டு ஒப்பந்தச் சட்டமும் இதில் கறாரானது. 1872-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 73-ஆம் பிரிவின் கீழ் சில எடுத்துக்காட்டுகள் தரப்பட்டிருக்கின்றன. ஒன்றில், குறித்த நாளில் பணம் தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டு தராமல் விடுகிறார். அந்தப் பணத்தை நம்பியிருந்தவர் தன் கடன்களை அடைக்க முடியாமல் அடியோடு நொடித்துப்போகிறார். அப்படியிருந்தும் அவருக்குக் கிடைப்பது அசலும், பணம் தரும் நாள் வரைக்குமான வட்டியும் மட்டுமே என்கிறது சட்டம். படிக்கும்போது கல்நெஞ்சு என்று தோன்றும். ஆனால் அதே பிரிவு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் செய்யும்போதே, மீறினால் இன்ன இழப்பு வரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் அந்த இழப்பைக் கேட்கலாம். 8 லட்சம் அந்த வழியாக வந்தால்தான் உண்டு.

அந்த வழியில் போய் வென்ற வழக்கு ஒன்று லண்டனில் நடந்தது. ஓசலிட் குரூப் (எக்ஸ்போர்ட்) என்ற ஆங்கிலேய ஏற்றுமதி நிறுவனத்துக்கும் ஆப்பிரிக்கன் கான்டினென்டல் வங்கிக்கும் இடையிலான வழக்கு அது. தீர்ப்பு வந்தது 1979-இல். லெட்டர் ஆஃப் கிரெடிட்டின்படி வங்கி அமெரிக்க டாலரில் பணம் தர வேண்டும். சுமார் இரண்டு மாதம் தாமதித்துத் தந்தது. டாலர் தொகையில் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. ஆனால் அதற்குள் பவுண்டு ஏறி டாலர் இறங்கிவிட்டதால், நிறுவனத்துக்குப் பவுண்டில் கிட்டத்தட்ட 3,000 குறைந்தது. நீதிபதி டொனால்ட்சன் அந்த இழப்பை வங்கி ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

ஏன் கொடுத்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். அன்றைய பிரிட்டனில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருந்தது. ஏற்றுமதியில் வந்த டாலரைக் கையில் வைத்திருக்க முடியாது, உடனே விற்றுப் பவுண்டாக்கியாக வேண்டும். ஆகவே பணம் எப்போது வருகிறதோ அன்றைய விகிதம்தான் அந்த நிறுவனத்தின் விதி. இது லண்டனில் தொழில் செய்யும் ஒரு வங்கிக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. இழப்பு நடந்தது, தாமதத்தால் நடந்தது, அப்படி நடக்கும் என்று எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருந்தது. மூன்றும் சேர்ந்ததால் வட்டிக்கு அப்பாலும் பணம் கிடைத்தது.

நம் திருப்பூர்க்காரருக்கு இந்த மூன்றும் பொருந்துமா? ஒப்பந்தத்துக்கு இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும் என்று வைத்துக்கொண்டே பார்ப்போம். ஆடை தைப்பது இந்தியாவில், செலவெல்லாம் ரூபாயில் என்பது பையருக்குத் தெரியும். ஏற்றுமதிப் பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்பது நம் அந்நியச் செலாவணிச் சட்டம். இதுவரை நல்ல நிலைதான். “இப்படி ஒரு வாக்கெடுப்பு முடிவை யார் எதிர்பார்த்தார்கள்?” என்று பையர் கேட்கலாம். இழப்பின் வகை முன்கூட்டித் தெரிந்திருந்தால் போதும், அதன் அளவு தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது ஆங்கிலச் சட்டத்தின் பொது நெறி. நாணய மதிப்பு மாறும் என்பது யாருக்கும் புதுச் செய்தி அல்ல.

சிக்கல் வருவது நிரூபணத்தில். வந்த பவுண்டை வந்த அன்றே ரூபாயாக்குவதுதான் என் வழக்கம் என்று ஏற்றுமதியாளர் காட்ட வேண்டும். பழைய ஆறேழு இன்வாய்ஸ்களின் வங்கி வரவுச் சீட்டுகளை எடுத்து, பணம் வந்த தேதியையும் மாற்றிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வழக்கம் தெரிந்துவிடும். ஆனால் அவர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றில் பவுண்டை வைத்திருந்து, அதிலிருந்தே லண்டன் ஏஜெண்டுக்குக் கமிஷனும் இயந்திரக்காரருக்குத் தவணையும் கட்டுபவராக இருந்தால்? அந்தப் பங்குக்கு அவருக்கு ரூபாய் இழப்பே இல்லை. பவுண்டாக வந்தது, பவுண்டாகவே போனது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஃபார்வர்டு. பல ஏற்றுமதியாளர்கள் ஆர்டர் கிடைத்ததுமே வங்கியில் ஃபார்வர்டு புக் செய்துவிடுவார்கள், அதாவது இன்ன தேதியில் இத்தனை பவுண்டை இந்த விலைக்கு விற்கிறேன் என்று முன்கூட்டியே முடித்துக்கொள்வார்கள். நம் ஆள் ஜூன் கடைசியில் 98 ரூபாய்க்கு 50,000 பவுண்டு தருவதாகப் புக் செய்திருந்தார் என்று கொள்ளுங்கள். அந்தத் தேதி வந்தது, பவுண்டு வரவில்லை, சந்தை விலை 90. ஃபார்வர்டை ரத்து செய்தால், அவர் 90-க்கு வாங்கி 98-க்கு விற்றதாக வங்கி கணக்கிடும். பவுண்டுக்கு 8 ரூபாய், மொத்தம் 4 லட்சம் ரூபாய் ஆதாயம் அவர் பக்கம் சேரும். அந்த 4 லட்சத்தைக் கழிக்காமல் பையரிடம் 8 லட்சம் கேட்பது, காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு இடித்தவரிடமும் முழுத்தொகை கேட்பது போல ஆகும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கும் ஆவணம் ஃபார்வர்டு கணக்காகத்தான் இருக்கும். தேதியைத் தள்ளிப்போட்டிருந்தால் அதற்கு வங்கி பிடித்த கட்டணத்தைக் கேட்கலாம். வங்கிச் சீட்டில் தொகை அச்சாகி இருப்பதால், இந்த வகை இழப்பை மறுப்பது பையருக்குக் கடினம்.

வட்டியை மறந்துவிட வேண்டாம். பிரிட்டனில் வணிகக் கடன்களின் தாமதத்துக்கென்றே 1998-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தத்தில் வட்டி பற்றி எதுவும் இல்லாவிட்டாலும், பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் கேட்க அது இடம் தருகிறது. அடிப்படை விகிதம் அன்று அரை சதவீதம். ஆக எட்டரை சதவீதத்தில் 120 நாளுக்குக் கிட்டத்தட்ட 1,400 பவுண்டு, அக்டோபர் விலைக்குச் சுமார் 1,15,000 ரூபாய். 8 லட்சத்தின் பக்கத்தில் இது சிறு தொகைதான். ஆனால் இதைப் பெற எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பாக்கித் தேதியும் பணம் வந்த தேதியும் போதும். கடிதத்தில் இதை முதலிலும் மாற்று இழப்பை இரண்டாவதாகவும் தனித்தனியாக எழுதுவது நல்லது. இரண்டையும் ஒரே தொகையாகக் கலந்தால், ஒன்றை மறுக்கும் சாக்கில் மற்றதும் போய்விடும்.

கடிதம் எழுதும் நேரமும் முக்கியம். அக்டோபரில் 50,000 பவுண்டு வந்ததும் நிம்மதிப் பெருமூச்சோடு, “கணக்கு முழுமையாகத் தீர்ந்தது, நன்றி” என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. பின்னால் எதைக் கேட்டாலும் பையர் அந்த ஒரு வரியைத்தான் திருப்பிக் காட்டுவார். பணம் வந்த அன்றே, இது இன்வாய்ஸ் அசலுக்கு வரவு வைக்கப்படுகிறது, வட்டியும் தாமதத்தால் வந்த இழப்பும் பாக்கி நிற்கின்றன என்று எழுத வேண்டும். கூடவே பாக்கித் தேதியை உறுதி செய்துகொள்ள வேண்டும். 60 நாள் கடன் என்றால் எந்த நாளிலிருந்து? இன்வாய்ஸ் தேதியா, கப்பல் ரசீதான பில் ஆஃப் லேடிங் தேதியா? நாணயம் வேகமாகச் சரியும் வாரத்தில் இந்தப் பத்து நாள் வேறுபாடு லட்சங்களை மாற்றிவிடும். மாற்று விகிதத்துக்கு இணையத்தில் கண்ட எண்ணைப் போடக் கூடாது. அந்தந்த நாளில் உங்கள் வங்கி வெளிநாட்டுப் பணத்தை வாங்கிய விலையை வங்கியிடமே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பேச்சுவார்த்தையில் பையர் கைவசம் இன்னொரு சீட்டு இருக்கும். 2013 மே மாதத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தொட்டது. அந்தக் கோடையில் டாலர் இன்வாய்ஸுக்குத் தாமதமாகப் பணம் வந்த ஏற்றுமதியாளர்கள் உட்கார்ந்த இடத்தில் ஆதாயம் பார்த்தார்கள். “அன்று கிடைத்ததைத் திருப்பித் தந்தீர்களா?” என்று பையர் கேட்டால், ஒவ்வோர் இன்வாய்ஸும் தனி ஒப்பந்தம் என்பது சட்டப்படி சரியான பதில்தான். ஆனால் எதிரில் இருப்பவர் முகம் மாறாது.

இந்த இழுபறியே வேண்டாம் என்றால் ஆர்டர் எடுக்கும்போதே ஒரு வரி சேர்க்கலாம்: பாக்கித் தேதிக்குப் பிறகு பணம் வந்தால், அந்தத் தேதியில் விற்பவரின் வங்கி விகிதத்துக்கும் பணம் வந்த நாள் விகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டால் வரும் இழப்பை வாங்குபவர் ஏற்பார். முன்பு சொன்ன ‘தெரிந்திருந்தது’ என்ற கேள்வியை இந்த வரி தீர்த்துவிடுகிறது. ஆதாயம் வந்தால் அதையும் வாங்குபவருக்குத் தருவோம் என்று இருபக்கமும் பொருந்துவதாக எழுதினால் பையர் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். நாணய வேறுபாட்டில் சம்பாதிப்பது ஆடைக்காரரின் தொழில் அல்ல என்பதால், எனக்கு இந்த இருபக்க வடிவமே பிடித்திருக்கிறது.

அந்த வரி இல்லாத நம் ஆளுக்கு, 8 லட்சத்துக்காக லண்டனில் வழக்கு நடத்தக் கட்டுப்படியாகாது. வட்டி முழுவதும், மாற்று இழப்பில் ஒரு பகுதியும் என்று பேசி முடிப்பதே நடைமுறை. பையர்கள் அப்போது சொல்லும் யோசனை ஒன்று உண்டு: “அடுத்த ஆர்டரில் பீஸுக்கு 10 பென்ஸ் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.” இதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஷிப்பிங் பில்லில் சரக்கின் உண்மை விலைதான் இருக்க வேண்டும். பழைய பாக்கியைப் புதுச் சரக்கின் விலைக்குள் ஒளித்தால் சுங்கத்துறையிடம் பொய் மதிப்புச் சொன்னதாகிவிடும். பழைய இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு, தாமதத்துக்கான ஈடு என்று எழுதி, தனியாக ஒரு டெபிட் நோட் அனுப்பச் சொல்லுங்கள் உங்கள் கணக்குப்பிள்ளையிடம். பணம் வரும்போது வங்கியிலும் அதையே காரணமாகக் காட்டலாம்.