எழுத்து ஒழுங்கும் வாசிப்பு இடர்ப்பாடும்: சில மொழிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

'டிஸ்லெக்சியா' எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு அறிவுத்திறனோ கற்கும் வாய்ப்போ குறைந்தமையால் வருவதன்று. பேச்சொலிகளைப் பகுத்துணர்வதிலும், அவற்றை எழுத்தோடு விரைந்து இணைப்பதிலும் பிறவியிலேயே அமையும் நலிவே அதன் அடிப்படை எனப் பெரும்பாலான ஆய்வாளர் கருதுகின்றனர். இந்நலிவு எம்மொழி பேசும் குழந்தைக்கும் நேரலாம். ஆயினும் அது வெளிப்படும் தோற்றம் எல்லா மொழிகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு எந்த அளவுக்கு ஒழுங்குடையது என்பதே அத்தோற்றத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இவ்வேறுபாட்டை விளக்கி, ஆங்கிலத்தில் உருவான வாசிப்புத் தேர்வுகளை இந்திய மொழிகளுக்குப் பெயர்ப்போர் அதனால் கருத்தில் கொள்ள வேண்டியவற்றை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எழுத்து ஒழுங்கும் கற்கும் வேகமும்

ஆங்கிலத்தில் 'மின்ட்', 'பைன்ட்' என்னும் இரு சொற்களும் எழுத்தில் முதலெழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. ஆனால் நடுவே நிற்கும் ஒரே உயிரெழுத்து முன்னதில் இகரமாகவும் பின்னதில் ஐகாரமாகவும் ஒலிக்கிறது. இன்னதற்கு இன்ன ஒலி என்பதை அந்தச் சொல்லை முன்பே அறிந்தவர்தாம் கூற இயலும். இத்தகைய எழுத்துமுறையை 'ஆழமுடையது' என்றும், எழுத்தைக் கண்டவுடன் ஒலியைத் துணிய இடந்தரும் ஃபின்னிஷ், இத்தாலியம், ஸ்பானியம் போன்றவற்றின் எழுத்துமுறையை 'ஆழமற்றது' என்றும் மொழியியலார் வழங்குவர்.

ஆழம் கற்றலைத் தாமதிக்கிறதா என்பதை மொழிகளை ஒப்பிட்டு அறிவதில் ஓர் இடையூறு உண்டு. நாட்டுக்கு நாடு பள்ளி தொடங்கும் வயதும், கற்பிக்கும் முறையும், குடும்பச் சூழலும் மாறுபடுகின்றன. ஆகவே காணப்படும் வேறுபாடு எழுத்தினால் வந்ததா, சூழலினால் வந்ததா என்ற ஐயம் எஞ்சுகிறது. இந்த ஐயத்தைப் பெரிதும் களையும் களமாக வேல்ஸ் அமைந்தது. அங்கே ஒரே வட்டாரத்தில் சில குழந்தைகள் வெல்ஷ் மொழியிலும் சில குழந்தைகள் ஆங்கிலத்திலும் படிக்கத் தொடங்குகின்றனர். இரண்டும் உரோமன் எழுத்தில் எழுதப்படுபவை. வெல்ஷ் எழுத்துமுறை ஒழுங்குடையது, ஆங்கிலம் அவ்வாறன்று.

எல்லிஸ், ஹூப்பர் ஆகிய இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கற்பிக்கும் முறை, குடும்பப் பின்னணி, வட்டாரம், கணிதத் திறன் ஆகியவற்றில் ஒத்திருந்த இரண்டாம் ஆண்டுக் குழந்தைகளை ஒப்பிட்டனர். ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் வழங்கும் அடர்த்திக்கு ஏற்பத் தேர்வுப் பட்டியல்கள் அமைக்கப்பட்டன. வெல்ஷ் குழந்தைகள் தம் மொழியின் எழுத்து வழக்கில் 61 விழுக்காட்டைச் சரியாக வாய்விட்டுப் படித்தனர். ஆங்கிலக் குழந்தைகள் 52 விழுக்காட்டைப் படித்தனர். இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இதனைத் தனிச்சொற்களாகக் கணக்கிட்டால் முன்னவர்க்கு 1,821 சொற்களும் பின்னவர்க்கு 716 சொற்களும் வசமாகியிருந்தன.

இந்த எண்களினும் பிழைகளின் இயல்பே நம் ஆய்வுக்கு மிகுதியும் உதவுகிறது. ஆங்கிலக் குழந்தை தெரியாத சொல்லைக் கண்டபோது வேறொரு சொல்லைக் கூறியது அல்லது வாளாவிருந்தது. வெல்ஷ் குழந்தையோ எழுத்தெழுத்தாக ஒலித்து, சிற்சில இடங்களில் தவறி, மொழியில் இல்லாத ஒரு சொல்லைக் கூறியது. வெல்ஷில் ஒரு சொல்லைப் படிக்கக் கொண்ட நேரத்தின் வேறுபாட்டில் 70 விழுக்காட்டைச் சொல்லின் நீளமே தீர்மானித்தது. ஆங்கிலத்தில் அது 22 விழுக்காடே. அதாவது ஒழுங்குடைய எழுத்து, ஒலியாகப் பெயர்த்துச் செல்லும் வழியை நம்பத் தூண்டுகிறது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. வெல்ஷ் குழந்தைகள் தாம் பொருளுணர்ந்த சொற்களினும் மிகப் பலவற்றை வாய்விட்டுப் படித்தனர். ஒழுங்கான எழுத்து ஒலிப்பை எளிதாக்குகிறது. பொருளறிவை அது தானே தந்துவிடுவதில்லை.

3. இடர்ப்பாட்டின் இரு தோற்றங்கள்

மேற்கண்ட வேறுபாடே டிஸ்லெக்சியாவின் தோற்றத்தையும் வேறாக்குகிறது. ஆங்கிலத்தில் இவ்விடர்ப்பாடுடைய குழந்தை வெளிப்படையாகத் தவறுகிறது. ஆசிரியர் அதனைக் கேட்டவுடன் அறிகிறார். ஜெர்மன் மொழியில் நிலைமை வேறு. ஆஸ்திரியக் குழந்தைகளை ஆராய்ந்த விம்மர், 1993இல் வெளியிட்ட ஆய்வில், டிஸ்லெக்சியா உடையோர் சொற்களைப் பெரும்பாலும் பிழையின்றியே படித்தனர் என்றும், ஆனால் மிகவும் மெதுவாகப் படித்தனர் என்றும் காட்டினார். லாண்டெர்ல், விம்மர், ஃப்ரித் ஆகியோர் 1997இல் ஆங்கில, ஜெர்மன் டிஸ்லெக்சியர்களை நேரடியாக ஒப்பிட்டபோது, ஆங்கிலக் குழந்தைகளின் பிழைகள் மிகுந்தும் ஜெர்மன் குழந்தைகளின் பிழைகள் குறைந்தும் காணப்பட்டன. எனினும் ஒலிகளைப் பிரித்து இடம் மாற்றிக் கூறும் வாய்மொழிச் சோதனையில் இரு சாராரிடமும் ஒரே வகையான நலிவு இருந்தது. நோய்முதல் ஒன்று, அதன் அறிகுறியே எழுத்துமுறைக்கேற்ப மாறுகிறது.

ஒருவரிடத்திலேயே இரு தோற்றங்களும் அமைந்த நிகழ்வும் உண்டு. வைடெல், பட்டர்வர்த் ஆகியோர் 1999இல் விவரித்த ஏ.எஸ். என்னும் இளைஞன் ஆங்கிலம் பேசும் பெற்றோர்க்குப் பிறந்து ஜப்பானில் வளர்ந்து ஜப்பானியப் பள்ளியில் பயின்றவன். பதினாறாம் வயதில் அவனது ஜப்பானிய வாசிப்பு, பல்கலைக்கழக மாணவரின் வாசிப்புக்கு நிகராக இருந்தது. தாய்மொழியான ஆங்கிலத்திலோ, அதனை அயல்மொழியாகக் கற்ற ஜப்பானிய மாணவரினும் அவன் பின்தங்கியிருந்தான்.

இதற்கு ஆய்வாளர் கூறிய விளக்கம் இரு அளவுகோல்களைக் கொண்டது. ஒன்று, எழுத்துக்கும் ஒலிக்குமான உறவின் தெளிவு. மற்றொன்று, ஓர் எழுத்து குறிக்கும் ஒலித்துண்டின் பருமை. ஜப்பானியக் கனா எழுத்து தெளிவுடையது. அது குறிக்கும் அலகும் அசையளவினது. காஞ்சி எழுத்து தெளிவற்றதாயினும் சொல்லளவான பெரிய அலகைக் குறிப்பது. இவ்விரண்டிலும் சொல்லைத் தனித்தனி ஒலியன்களாகச் சிதைக்க வேண்டிய தேவை எழுவதில்லை. தெளிவின்மையும் நுண்ணலகும் ஒருங்கே கூடிய ஆங்கிலத்தில்தான் அவனுடைய நலிவு வெளிப்பட்டது. ஒரே ஒருவரைப் பற்றிய ஆய்வாதலின் இதனைப் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. ஆயினும் ஒரு மொழியில் நன்கு படிப்பவர்க்கு இவ்விடர்ப்பாடு இல்லை எனத் துணிவது பிழையாகலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

4. இந்திய எழுத்துமுறைகளின் இயல்பு

இந்த அளவுகோல்களின்படி இந்திய எழுத்துமுறைகள் தெளிவுடையவை. அலகும் ஓரளவு பருமையுடையது. ஆகவே கற்பது மிக எளிதாக இருத்தல் வேண்டும் என எதிர்பார்க்கலாம். உண்மையில் இங்கே வேறொரு சுமை உள்ளது. கற்க வேண்டிய வடிவங்களின் தொகை பெரிது. கன்னடக் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தறிவு நிரம்பப் பல பள்ளியாண்டுகள் ஆகின்றன என்பதையும், ஒலியன்களைப் பிரித்தறியும் திறன் மெல்லவே தோன்றுகிறது என்பதையும் காட்டியது. கன்னடத்தில் மெய்ம்மயக்கத்தின் இரண்டாம் மெய் முதல் எழுத்தின் அடியில் ஒத்தெழுத்தாக அமைவதால், சொல்லப்படும் முறையும் கண் காணும் முறையும் ஒன்றாக இருப்பதில்லை.

தமிழில் புள்ளி இருப்பதால் மெய்ம்மயக்கங்கள் வரிசையாகவே எழுதப்படுகின்றன. அவ்வகையில் சுமை குறைவு. ஆயினும் 'கொ' என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. உகர ஊகாரக் குறிகள் மெய்தோறும் வேறு வடிவு கொள்கின்றன. ககரம் முதலிய வல்லெழுத்துகள் இடத்திற்கேற்பப் பல ஒலிகள் பெறுகின்றன. தமிழ்ச் சொற்களில் இது விதிக்குட்பட்டது. 'காந்தி' போன்ற பிறமொழிப் பெயர்களில் விதி தவறுகிறது.

மேலும், தமிழில் படித்தலும் எழுதுதலும் சம அளவில் ஒழுங்குடையன அல்ல. எழுத்தைக் கண்டு ஒலிப்பது எளிது. ஒலியைக் கேட்டு எழுதுங்கால், பலர் பேச்சில் ஒன்றாகிவிட்ட நகர னகரமும், ரகர றகரமும், லகர ளகர ழகரமும் சொல்தோறும் நினைவிற்கொள்ள வேண்டியவையாகின்றன. ஜெர்மன் மொழியிலும் படித்தலினும் எழுதுதலில் ஒழுங்கு குறைவு. அங்கே டிஸ்லெக்சியர்களின் எழுத்துப்பிழைகள் நெடுநாள் நீடிக்கின்றன. எனவே தமிழிலும் மெதுவான வாசிப்போடு சேர்ந்து வரும் நீங்காத எழுத்துப்பிழை கருதத்தக்க அறிகுறியாகும்.

5. தேர்வுகளைப் பெயர்ப்பதில் எழும் சிக்கல்

ஆங்கிலத் தேர்வு ஒன்றைத் தமிழாக்குவதாகக் கொள்வோம். அதன் முதற்பகுதி 'பைன்ட்' போன்ற ஒழுங்கற்ற சொற்களின் பட்டியல். இதற்கு நேரான பகுதியைத் தமிழில் அமைக்க இயலாது. சொற்களுக்குப் பொருள் பெயர்த்து வைத்தால் தேர்வின் நோக்கமே மறைந்துவிடும். இரண்டாம் பகுதி பொருளிலாச் சொற்கள். இவற்றைப் புதிதாகப் புனையலாம். ஆனால் சரி, தவறு என்று மட்டும் மதிப்பிட்டால், இடர்ப்பாடுடைய தமிழ்க் குழந்தையும் அவற்றுள் பெரும்பாலானவற்றைச் சரியாகவே படித்துவிடும். தேர்வு அக்குழந்தையைக் குறையற்றது எனக் காட்டும். உதவி வேண்டிய குழந்தை சோம்பேறி என்னும் பெயரோடு நின்றுவிடும்.

ஆகவே நேரத்தை அளத்தல் வேண்டும். 'பேமு', 'பேமுகி', 'பேமுகிடை' என ஒவ்வோர் எழுத்தாக நீளும் வரிசைகளைத் தமிழ்ச் சொல்லமைதி பிறழாமல் புனைந்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்தல் நலம். தேர்ச்சி பெற்ற வாசகர்க்கு ஓரெழுத்து கூடுவதால் நேரம் சிறிதே மிகும். டிஸ்லெக்சியா உடையவர்க்கு அது எழுத்துதோறும் வெகுவாக மிகும் என்பதை இத்தாலிய, ஜெர்மன் ஆய்வுகள் காட்டியுள்ளன.

பிழையை வரையறுப்பதிலும் கருத்து வேண்டும். 'பள்ளி' என்பதைத் தன் வட்டார வழக்கில் லகரமாக ஒலிக்கும் குழந்தை எழுத்தை அறியாததன்று. 'இருக்கிறது' என எழுதியிருப்பதை 'இருக்குது' எனப் படிக்கும் குழந்தை சொல்லையும் பொருளையும் உணர்ந்து, பேச்சு வடிவில் தந்திருக்கிறது. இரட்டை வழக்குடைய மொழியில் இவற்றை இடர்ப்பாட்டின் அடையாளமாக எண்ணலாகாது. 'இருக்கிறது' என்பதை நெடுநேரம் கூட்டிக்கூட்டிச் சரியாகவே முடிக்கும் மூத்த வகுப்புக் குழந்தைதான் கவனிக்கத்தக்கது.

6. முடிவுரை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் ஏற்றுள்ளது. அச்சட்டம் தரும் சலுகைகளைப் பெறக் குறைபாடு சான்றளிக்கப்பட வேண்டும். சான்றோ தேர்வைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் பிழையைக் கொண்டும், ஒழுங்குடைய எழுத்துமுறைகளில் வேகத்தைக் கொண்டும் ஒரே இடர்ப்பாடு அறியப்படுகிறது என்பதை இதுகாறும் கண்டோம். எனவே இந்திய மொழிகளுக்குரிய தேர்வு, ஆங்கிலத் தேர்வின் பெயர்ப்பாக அமையாமல், அவ்வம்மொழியின் எழுத்தியல்பை ஆராய்ந்தோர் முதலிலிருந்தே ஆக்கும் தேர்வாக இருத்தல் வேண்டும்.